போர்ட் ஃபார்வர்டிங் உண்மையில் என்ன செய்கிறது: ஒரு லேப்டாப், ஒரு ரவுட்டர், ஒரே ஒரு விதி

"போர்ட் ஃபார்வர்ட் பண்ணிட்டேன், ஆனா வேலை செய்யல" என்று யாராவது கூப்பிட்டால், நான் ரவுட்டரைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "அதே வைஃபையில இருக்கிற இன்னொரு போன்ல திறக்குதா?" என்று கேட்பேன். பெரும்பாலும் அதை அவர்கள் சோதித்திருக்க மாட்டார்கள். நேராக ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், விதியை எழுதி, அழித்து, மறுபடி எழுதி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருப்பார்கள். பிழையோ லேப்டாப்பிலேயே இருந்திருக்கும்.

ரவுட்டரில் விதி எழுதுவது இந்த வேலையின் ஆறாவது படி. முந்தைய படிகள் ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே போனால், எழுத வேண்டியது ஒரே ஒரு வரிதான்.

எடுத்துக்காட்டு இதுதான். வீட்டு லேப்டாப்பில் ஒரு சின்ன இணையப் பக்கத்தை ஓடவிடுகிறோம். அதை மொபைல் டேட்டாவில் இருக்கும் போனிலிருந்து, அதாவது வீட்டுக்கு வெளியேயிருந்து, திறக்கப் போகிறோம். லேப்டாப்பின் முகவரி 192.168.1.50. பக்கம் ஓடுவது 8000 என்ற போர்ட்டில்; போர்ட் என்பது ஒரு கருவியில் எந்த நிரலுக்கு வந்தது என்று பிரித்துக் காட்டும் எண். ரவுட்டரின் வெளி முகவரி 203.0.113.25, வெளியில் நாம் கொடுக்கப்போகும் போர்ட் 8090. இந்த வெளி முகவரி விளக்க நூல்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே 8000, வெளியே 8090 என்று வேண்டுமென்றேதான் வேறு வேறு எண்களாக வைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரவுட்டர் எதை எதுவாக மாற்றுகிறது என்பது கண்ணில் படாது.

## 1. விதி இல்லாதபோது ரவுட்டர் என்ன செய்கிறது

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். உங்கள் பக்கத்து வீட்டு லேப்டாப்பும் 192.168.1.50 ஆக இருக்கலாம். வெளி இணையத்தில் அந்த முகவரிக்கு யாரும் எதையும் அனுப்ப முடியாது. வெளியுலகத்துக்கு உங்கள் வீடு முழுவதும் 203.0.113.25 என்ற ஒரே முகவரிதான்.

லேப்டாப்பிலிருந்து ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 192.168.1.50, போர்ட் 51514 என்ற அனுப்புநர் முகவரியோடு ஒரு பாக்கெட் ரவுட்டரை அடைகிறது. ரவுட்டர் அந்த அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு 203.0.113.25, போர்ட் 40112 என்று எழுதி வெளியே அனுப்புகிறது. கூடவே தன் பதிவேட்டில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது: "40112-க்குப் பதில் வந்தால் அது 192.168.1.50-இன் 51514-க்கு." பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து உள்ளே அனுப்பிவிடும். இந்த மாற்றி எழுதும் வேலைக்குத்தான் நாட் என்று பெயர். ரவுட்டர் திரையில் `NAT` என்று இருக்கும்.

இந்தப் பதிவேட்டில் வரி உருவாவது உள்ளேயிருந்து யாராவது முதலில் பேசினால்தான். வெளியிலிருந்து ஒருவர் தாமாகவே 203.0.113.25-இன் 8090-க்கு ஒரு பாக்கெட் அனுப்பினால் ரவுட்டர் பதிவேட்டைப் பார்க்கும், அப்படி ஒரு வரி இருக்காது. வீட்டில் இரண்டு போன், ஒரு டிவி, ஒரு லேப்டாப் இருக்கின்றன. இது யாருக்கு வந்தது என்று ரவுட்டருக்குத் தெரிய வழியே இல்லை. எனவே பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும்.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த விடுபட்ட வரியை நீங்களே முன்கூட்டி எழுதி வைப்பது: "8090-க்கு யார் வந்தாலும் 192.168.1.50-இன் 8000-க்கு அனுப்பு." அவ்வளவுதான். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். நீங்கள் பெட்டிகளை நிரப்பி `Save` அழுத்தும்போது உள்ளே எழுதப்படுவது ஏறக்குறைய இதுதான்:

```
iptables -t nat -A PREROUTING -i eth0 -p tcp --dport 8090 \
  -j DNAT --to-destination 192.168.1.50:8000
```

இதை நீங்கள் தட்டச்ச வேண்டியதில்லை. எவ்வளவு குறைவாகச் செய்கிறது என்பதைக் கவனித்தால் போதும். வந்த பாக்கெட்டில் பெறுநர் முகவரியும் பெறுநர் போர்ட்டும் மட்டும் மாறுகின்றன. 8000-இல் ஏதாவது ஓடுகிறதா, லேப்டாப் விழித்திருக்கிறதா, அதன் ஃபயர்வால் அனுமதிக்கிறதா என்று ரவுட்டர் பார்ப்பதில்லை. "போர்ட்டைத் திறப்பது" என்று சொல்வதால்தான் பலர் குழம்புகிறார்கள். போர்ட்டில் காத்திருந்து பதில் சொல்வது லேப்டாப்பில் ஓடும் நிரல். ரவுட்டர் வழி மட்டுமே காட்டுகிறது.

## 2. முதலில் பார்க்க வேண்டியது: வெளி முகவரி உங்களுடையதுதானா

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இது தவறினால் மற்ற எல்லாப் படிகளும் வீண். இரண்டே நிமிட வேலை.

ரவுட்டரின் பக்கத்தில் `Status` அல்லது `WAN` பகுதிக்குப் போய் அங்கே காட்டும் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பில்:

```
curl -4 ifconfig.me
```

`-4` முக்கியம். அது இல்லாவிட்டால் சில இணைப்புகளில் நீளமான ஐபிவி6 முகவரி வந்து உங்களைக் குழப்பும். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வேறாக இருந்தால், உங்கள் ரவுட்டருக்கு வெளியே இன்னொரு கருவியும் முகவரியை மாற்றிக்கொண்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை ரவுட்டர் காட்டும் எண்ணே சொல்லிவிடும்.

அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதோ ஒன்றில் தொடங்கினால், இணைப்பு தரும் நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இதைச் சிஜிநாட் என்பார்கள். சில நிறுவனங்கள் இதற்கு 10 என்று தொடங்கும் முகவரிகளையும் பயன்படுத்துகின்றன. வெளியிலிருந்து வரும் பாக்கெட் நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். அங்கே விதி எழுத உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் ஒரு பாக்கெட்கூட அதை வந்து தொடாது. வாடிக்கையாளர் சேவையில் "பப்ளிக் ஐபி வேண்டும்" என்று கேளுங்கள். "ஸ்டாட்டிக் ஐபி" என்ற பெயரில் மாதக் கட்டணத்துக்குத் தருபவர்கள் உண்டு. அது கிடைக்கும்வரை இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் உங்களுக்குப் பயன்படாது.

அது 192.168 என்று தொடங்கினால், வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியே ஒரு ரவுட்டர், அதற்குப் பின்னால் கடையில் வாங்கிய ரவுட்டர் என்று பல வீடுகளில் இருக்கிறது. ஃபைபர் பெட்டியை `Bridge` முறைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். அல்லது முதல் பெட்டியில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று என்று இரண்டு விதிகள் எழுதலாம். முதல் வழியே நல்லது. ஆறு மாதம் கழித்து ஏதாவது கோளாறு வந்தால் இரண்டாவது விதி இருப்பது யாருக்கும் நினைவிருக்காது.

## 3. லேப்டாப்பின் முகவரியை நிலைப்படுத்துதல்

நாம் எழுதப்போகும் விதி 192.168.1.50 என்ற முகவரியைத்தான் சொல்கிறது, "என் லேப்டாப்" என்று சொல்வதில்லை. வழக்கமாக ரவுட்டர் உள் முகவரிகளைக் கொஞ்ச காலத்துக்கே கொடுக்கும். அடுத்த வாரம் .50 உங்கள் டிவிக்குப் போய்விட்டால் விதி டிவிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். "நேத்து வரைக்கும் வேலை செஞ்சது" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லேப்டாப்பின் இப்போதைய முகவரியை விண்டோஸில் `ipconfig`, லினக்ஸில் `ip addr` என்று அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரவுட்டரில் `DHCP` பகுதியில் `Address Reservation` என்றோ `Static DHCP` என்றோ ஒரு இடம் இருக்கும். அங்கே லேப்டாப்பின் நெட்வொர்க் வன்பொருளுக்கான அடையாள எண்ணாகிய மேக் முகவரியையும் 192.168.1.50 என்பதையும் இணைத்துவிடுங்கள். லேப்டாப்பை வைஃபையிலிருந்து துண்டித்து மறுபடி இணைத்து, அந்த எண்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். வைஃபைக்கு ஒரு மேக் முகவரி, கேபிளுக்கு வேறொரு மேக் முகவரி. வைஃபைக்கு ஒதுக்கிவிட்டுக் கேபிளைச் செருகினால் ஒதுக்கீடு செல்லாது. இரண்டாவது, விண்டோஸில் `Random hardware addresses` என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் ரவுட்டர் அந்த லேப்டாப்பை அடையாளம் காண முடியாமல் போகும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

முகவரியை லேப்டாப்பிலேயே கையால் நிலையாகப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் ரவுட்டருக்கு அது தெரியாததால் அதே எண்ணை வேறொரு போனுக்குக் கொடுத்துவிடக் கூடும். ஒதுக்கீட்டை ரவுட்டரிலேயே செய்தால் அந்தச் சிக்கல் வராது.

## 4. பக்கத்தை ஓடவிடுதல்

புதிதாக ஒரு வெற்று ஃபோல்டர் உருவாக்குங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். கீழே வரும் கட்டளை, எந்த ஃபோல்டரில் நின்று அடிக்கிறீர்களோ அதிலுள்ள கோப்புகள் அனைத்தையும் கேட்பவருக்குக் கொடுத்துவிடும். வீட்டுக் கோப்புகள் இருக்கும் இடத்தில் நின்று இதை அடித்து, பிறகு விதியையும் எழுதிவிட்டால், ஆதார் நகல் முதல் வங்கிக் கணக்கு அறிக்கை வரை உலகத்துக்கே திறந்து கிடக்கும்.

```
mkdir sodhanai
cd sodhanai
echo OK > index.html
python3 -m http.server 8000 --bind 0.0.0.0
```

விண்டோஸில் `python3` என்பதற்குப் பதில் `python` என்று அடியுங்கள். `0.0.0.0` என்றால் இந்த லேப்டாப்பின் எல்லா முகவரிகளிலும் காத்திரு என்று பொருள். `127.0.0.1` என்று இருந்தால் லேப்டாப் தன்னோடு மட்டுமே பேசும், பக்கத்திலிருக்கும் போன்கூட அதை அடைய முடியாது. ஜாங்கோ, ஃபிளாஸ்க் போன்றவற்றின் சோதனைச் சர்வர்கள் இயல்பாக `127.0.0.1`-இல்தான் ஓடும். சொந்தச் செயலியை ஓடவிடுபவர்கள் இங்கேதான் அதிகம் விழுகிறார்கள்.

விண்டோஸில் முதல்முறை ஓடும்போது பைத்தானை அனுமதிக்கலாமா என்று ஃபயர்வால் கேட்கும். அனுமதியுங்கள். அவசரத்தில் `Cancel` அழுத்தினால் விண்டோஸ் சும்மா இருக்காது, பைத்தானைத் தடுக்கும் விதியையே எழுதி வைத்துவிடும். பிறகு நீங்கள் எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் தடை விதியே வெல்லும். அப்படி ஆகிவிட்டால் `Windows Defender Firewall with Advanced Security` திறந்து, `Inbound Rules` பட்டியலில் பைத்தான் பெயரில் இருக்கும் தடை விதிகளைத் தேடி நீக்குங்கள். பொதுவாக இரண்டு இருக்கும். லினக்ஸில் `ufw` ஓடிக்கொண்டிருந்தால் `sudo ufw allow 8000/tcp` போதும்.

## 5. வீட்டுக்குள்ளேயே இரண்டு சோதனை

முதலில் லேப்டாப்பின் பிரவுசரில் `http://127.0.0.1:8000/` திறங்கள். `OK` வந்தால் நிரல் ஓடுகிறது.

அடுத்து, அதே வைஃபையில் இருக்கும் போனில் `http://192.168.1.50:8000/` திறங்கள். `http://` என்பதையும் சேர்த்து முழுமையாக அடியுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் தானாகவே `https` முயன்று பிழை காட்டக்கூடும். பக்கம் வந்தால் லேப்டாப்பின் திரையில் இப்படி ஒரு வரி ஓடும்:

```
192.168.1.7 - - [12/Mar/2025 19:04:11] "GET / HTTP/1.1" 200 -
```

முதலில் இருக்கும் 192.168.1.7 கேட்டவரின் முகவரி, அதாவது போன். இதை நினைவில் வையுங்கள், ஏழாவது படியில் இதுதான் சாட்சி. அடுத்த வரியில் `favicon.ico` என்று 404 பிழை வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். தளத்தின் சின்னப் படத்தைப் பிரவுசர் கேட்டிருக்கிறது, நம்மிடம் அது இல்லை.

போனில் பக்கம் வரவில்லை என்றால் இங்கேயே நில்லுங்கள். ரவுட்டரின் நாட் இந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. இரண்டு கருவிகளும் ஒரே வீட்டுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. எனவே பிழை லேப்டாப்பில் இருக்கிறது, பெரும்பாலும் ஃபயர்வாலில். இல்லாவிட்டால் போன் `Guest` வைஃபையில் இருக்கலாம். அந்த வைஃபையில் இருப்பவர்கள் மற்றக் கருவிகளைப் பார்க்காதபடி ரவுட்டர்கள் வழக்கமாகத் தடுத்துவைக்கும். இது சரியாகாமல் ஆறாவது படிக்குப் போகாதீர்கள். போனால் பிழை ஒன்றுக்கு இரண்டாகி, எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போகும்.

## 6. விதியை எழுதுதல்

ரவுட்டரில் இந்தப் பக்கத்துக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். `Port Forwarding`, `Virtual Server`, `NAT Forwarding` என்று எப்படி இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். `Port Triggering` என்பது வேறு வேலை, அதைத் தொடாதீர்கள். நிரப்ப வேண்டியவை நான்கே பெட்டிகள்:

```
External Port : 8090
Internal IP   : 192.168.1.50
Internal Port : 8000
Protocol      : TCP
```

`External Port` வெளியாட்கள் தட்டும் எண். `Internal Port` நிரல் காத்திருக்கும் எண். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது சகஜம். சில ரவுட்டர்களில் `Internal Port` பெட்டியை வெறுமையாக விட்டால் வெளி எண்ணையே உள்ளும் எடுத்துக்கொள்ளும். நமக்கு அது 8090 ஆகிவிடும், அங்கே ஒன்றும் ஓடவில்லை. அதனால் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

வெளியே 80 என்றே வைக்கலாமே, `:8090` அடிக்க வேண்டாமே என்று தோன்றும். 80, 443 ஆகியவற்றைச் சில இணைப்பு நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் வெளியிலிருந்து தடுத்துவிடுகின்றன. ரவுட்டரே தன் அமைப்புப் பக்கத்துக்கு அவற்றைப் பயன்படுத்துவதும் உண்டு. சோதனைக்கு வேறு எண்ணே பாதுகாப்பு.

நம் பக்கம் போவது டிசிபியில்தான். `Both` என்று வைத்தாலும் வேலை செய்யும், ஆனால் தேவையில்லாமல் யுடிபிக்கும் வழி விட்டிருப்பீர்கள். விளையாட்டுச் சர்வர்களுக்கு வேறாக இருக்கலாம், அந்தச் சர்வரின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே போடுங்கள்.

வெளிப் போர்ட் ஒன்றை ஒரே ஒரு கருவிக்குத்தான் கொடுக்க முடியும். வீட்டில் இரண்டு லேப்டாப்புகளில் 8000 ஓடினால் ஒன்றுக்கு 8090, இன்னொன்றுக்கு 8091 என்று கொடுங்கள். வெளியே எண் வேறாக இருப்பதால் ரவுட்டருக்கு யார் யாருக்கு என்று தெரிந்துவிடும்.

இங்கேயே பக்கத்தில் `DMZ` என்றும் ஒரு வசதி இருக்கும். வரியில் இல்லாத எல்லாப் போர்ட்டுக்கும் வருவதை ஒரே கருவிக்குத் தள்ளிவிடும். "விதி வேலை செய்யல, டிஎம்ஸெட் போட்டேன், வந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னால், விதியில் எண் தவறு என்பதுதான் அதன் பொருள். எண்ணைத் திருத்திவிட்டு அதை அணையுங்கள். அது இயக்கத்தில் இருக்கும்வரை லேப்டாப்பின் எல்லாப் போர்ட்டுகளும் வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

## 7. வெளியிலிருந்து சோதித்தல்

போனில் வைஃபையை அணையுங்கள். மொபைல் டேட்டாவில் `http://203.0.113.25:8090/` என்று, உங்கள் வெளி முகவரியைப் போட்டுத் திறங்கள்.

வைஃபையில் இருந்தபடியே வெளி முகவரியை ஏன் சோதிக்கக் கூடாது? வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரிக்குப் போகும் பாக்கெட் ரவுட்டரைத் தொட்டுவிட்டு மறுபடி வீட்டுக்குள்ளேயே திரும்ப வேண்டும். எல்லா ரவுட்டர்களும் இதைச் செய்வதில்லை. அதனால் விதி சரியாகவே இருந்தும் உங்களுக்கு மட்டும் திறக்காமல் போகும். நன்றாக இருக்கும் விதியை இதனாலேயே அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

`OK` வந்ததா? லேப்டாப்பின் திரையைப் பாருங்கள்:

```
198.51.100.77 - - [12/Mar/2025 19:21:40] "GET / HTTP/1.1" 200 -
```

இப்போது முதலில் இருப்பது வீட்டு முகவரி இல்லை. மொபைல் நிறுவனத்தின் வெளி முகவரி. முதல் படியில் சொன்னதற்கு இந்த வரிதான் நேரடி ஆதாரம்: ரவுட்டர் பெறுநரை மட்டும் 203.0.113.25:8090-இலிருந்து 192.168.1.50:8000 ஆக மாற்றியிருக்கிறது, அனுப்புநரைத் தொடவில்லை. லேப்டாப் தன் பதிலை அந்த 198.51.100.77-க்கே அனுப்புகிறது. அது ரவுட்டர் வழியாக வெளியேறும்போது ரவுட்டர் அனுப்புநரை மறுபடி 203.0.113.25:8090 என்று மாற்றி எழுதுகிறது. போனைப் பொறுத்தவரை அது கடைசிவரை ரவுட்டரோடுதான் பேசியது. 192.168.1.50 என்ற எண்ணே அதற்குத் தெரியாது.

## 8. வரவில்லையா? பாக்கெட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் இணையதளங்களை நம்பிப் பலர் மணிக்கணக்கில் அலைகிறார்கள். லேப்டாப்பில் நிரல் ஓடாத நேரத்தில் சோதித்தால் விதி சரியாக இருந்தாலும் அவை "மூடியிருக்கிறது" என்றே சொல்லும். பதில் சொல்ல ஆளில்லை என்பதைத்தான் அவற்றால் சொல்ல முடியும், காரணத்தைச் சொல்ல முடியாது.

அதைவிடப் போனின் பிரவுசர் காட்டும் பிழையைப் பாருங்கள். `ERR_CONNECTION_REFUSED` உடனே வந்தால், பாக்கெட் ஏதோ ஒரு கருவியை அடைந்து "இங்கே யாரும் இல்லை" என்று மறுக்கப்பட்டிருக்கிறது. நிரல் நின்றுவிட்டதா, `Internal Port` தவறா என்று பாருங்கள். நீண்ட நேரம் சுற்றிவிட்டு `ERR_CONNECTION_TIMED_OUT` வந்தால் பாக்கெட்டோ பதிலோ வழியில் சத்தமில்லாமல் கைவிடப்பட்டிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க லேப்டாப்பில் இதை ஓடவிட்டு, போனில் மறுபடி முயலுங்கள்:

```
sudo tcpdump -n -i any tcp port 8000
```

விண்டோஸில் வயர்ஷார்க்கில் `tcp.port == 8000` என்று வடிகட்டினால் அதே காட்சி கிடைக்கும். மூன்றில் ஒன்றைத்தான் பார்ப்பீர்கள்.

திரையில் ஒன்றுமே ஓடவில்லை என்றால் பாக்கெட் லேப்டாப்பை வந்தடையவே இல்லை. விதியின் எண்கள், லேப்டாப்பின் இப்போதைய முகவரி, இரண்டாவது படியில் பார்த்த வெளி முகவரி ஆகியவற்றைத் திரும்பப் பாருங்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டிருந்தால் வெளி முகவரியே மாறியிருக்கலாம். நிலையான முகவரிக்குப் பணம் கட்டாத இணைப்புகளில் இது வழக்கம்.

இணைப்புக் கோரிக்கையைக் காட்டும் `Flags [S]` வரிகள் உள்ளே வருகின்றன, பதிலாக எதுவும் வெளியே போகவில்லை என்றால் ரவுட்டர் தன் வேலையை முடித்துவிட்டது. லேப்டாப்பின் ஃபயர்வால் தடுக்கிறது. வீட்டுக்குள் திறந்தது, வெளியிலிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால், உள்வீட்டு முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் விதி ஒன்று ஃபயர்வாலில் இருக்கும். அனுப்புநர் முகவரி மாறாமல் வருகிறது என்று பார்த்தோம் அல்லவா? அதனால் ஃபயர்வாலுக்கு இது அந்நியர்தான்.

`Flags [S]` வருகிறது, `Flags [S.]` என்று பதிலும் போகிறது, ஆனாலும் இந்த இரண்டுமே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன என்றால், பதில் வேறு வழியில் வெளியேறுகிறது. பெரும்பாலும் லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். வந்தது ரவுட்டர் வழியாக, போனது விபிஎன் வழியாக. பதிவேட்டில் வரி வைத்திருக்கும் ரவுட்டரின் கையில் பதில் வந்து சேராததால் அனுப்புநர் மாற்றி எழுதப்படுவதில்லை, போனும் தனக்கு அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வந்ததை ஏற்பதில்லை. எனக்கே ஒருமுறை இது நேர்ந்தது. ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகும் சரியாகாமல், `tcpdump` ஓடவிட்ட மறுநிமிடம்தான் புரிந்தது. அன்றிலிருந்து இதைக் கடைசியாகச் செய்வதை விட்டுவிட்டேன். முதல் தடங்கலிலேயே ஓடவிடுகிறேன்.

## 9. சோதனை முடிந்ததும்

நிரலை `Ctrl+C` அழுத்தி நிறுத்துங்கள், பிறகு ரவுட்டரில் விதியையும் நீக்குங்கள். நிரலை மட்டும் நிறுத்தினால் போதாது. விதி அங்கேயே கிடக்கும். நாளை வேறு வேலைக்காக 8000-இல் எதையாவது ஓடவிட்டால் அது உங்களை அறியாமல் வெளியுலகத்துக்குத் தெரியும். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்ச நேரம் திரையைக் கவனித்தால், நீங்கள் அறியாத முகவரிகளிலிருந்தும் `GET` வரிகள் வரக்கூடும். யாரும் உங்களைக் குறிவைக்கவில்லை. இணையம் முழுவதையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பைத்தானின் இந்தச் சர்வர் அப்படிப்பட்ட வெளியுலகத்தில் நிரந்தரமாக நிற்பதற்காக எழுதப்பட்டதல்ல என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது.

நிரந்தரமாக ஒரு விதி வைப்பதானால், அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் நிரல் எவ்வளவு பாதுகாப்பானதோ அவ்வளவுதான் உங்கள் வீட்டின் பாதுகாப்பும். விண்டோஸின் 3389, 445 ஆகிய போர்ட்டுகளுக்கோ, கேமரா பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்கோ விதி எழுதாதீர்கள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் 23, 2323 ஆகிய போர்ட்டுகளைத் தட்டி, தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் பிடித்தது. வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் வயர்கார்ட் போன்ற ஒரு விபிஎன் சர்வரை வைத்து, அதற்கு மட்டும் ஒரு விதி எழுதுங்கள்.

ரவுட்டர் பக்கத்தை மூடுமுன் `UPnP` பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும் நிரல்களும் கருவிகளும் உங்களைக் கேட்காமலேயே இதே போன்ற விதிகளை எழுதிக்கொள்ள அது வழி தருகிறது. அங்குள்ள ஒவ்வொரு வரியிலும் வெளிப் போர்ட், உள் முகவரி, உள் போர்ட் என்று அதே மூன்று எண்கள் இருக்கும். உள் முகவரி எந்தக் கருவியுடையது என்று பாருங்கள், அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.